ஒரே நாள்ல ரெண்டு இன்டர்வியூ: எதை மாத்தச் சொல்லிக் கேக்குறது, எப்பிடிக் கேக்குறது

தோட்டத்துல இருந்து வேலைக்கு அப்ளை பண்ற பிள்ளைகளுக்கு இன்டர்வியூ திகதி முட்டிக்கிறது கொஞ்சம் கூடவே நடக்குது, அதுக்கு முக்கியமான காரணம் தபால். லயத்துல நெறைய வீட்டுக்கு தனி அட்ரஸ் கெடையாது, கடிதம் தோட்ட ஒப்பீஸுக்கு வந்து அங்கருந்து யார் கையிலயாவது குடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேரும்போது இன்டர்வியூவுக்கு மூணு நாளோ நாலு நாளோ தான் மிச்சம் இருக்கும். அதுக்குள்ள கொழும்புல இருந்து ஏதாவது கம்பெனி போன்ல கூப்பிட்டு "செவ்வாக்கிழமை வர ஏலுமா"ன்னு கேட்டிருக்கும், நாமளும் சந்தோசத்துல "ஓம் மிஸ், வாறேன்"னு சொல்லியிருப்போம்.

எங்க சித்தி மகளுக்கு அப்பிடியே தான் ஆச்சு. பொகவந்தலாவைப் பக்கம் வீடு, பிகொம் முடிச்சவ. கொள்ளுப்பிட்டியில ஒரு கம்பெனி, எக்கவுண்ட்ஸ் வேலை, செவ்வாக்கிழமை காலையில 10 மணிக்கு வரச் சொல்லி போன் பண்ணி ஈமெயிலும் போட்டுட்டாங்க. வியாழக்கிழமை பின்னேரம் பார்த்தா கையில கடிதம், ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை, அதே செவ்வாக்கிழமை காலை 8.30க்கு பல்லேகலையில. உடனே எனக்கு கோல் எடுத்தா, ஏன்னா நான் கொழும்புல ஒரு கம்பெனியில எச்ஆர் பக்கம் இருந்தப்ப இன்டர்வியூ லிஸ்ட் போட்டு ஆளுங்களுக்கு கோல் எடுக்கிறது என்னோட வேலை தான். அதனால இத மேசைக்கு அந்தப் பக்கத்துல இருந்து எப்பிடித் தெரியும்னு வெச்சு சொல்றேன், அவ கிட்ட சொன்னதையே தான் இங்கயும் எழுதுறேன்.

மொதல்ல எதை மாத்துறதுங்கிறது. எல்லாரும் இதுல "எந்த வேலை எனக்கு நல்லது"ன்னு யோசிச்சு, கொஞ்சம் புடிக்காததை மாத்தச் சொல்லிக் கேக்குறாங்க, அது பாதி தான் சரி. எந்தப் பக்கத்துல திகதி அசையும்னு பார்க்கணும். அரசாங்க நேர்முகப் பரீட்சைன்னா ஒரு போர்ட் உக்காரும், அதுல ஆளுங்க வேற வேற ஒப்பீஸ்ல இருந்து வருவாங்க, நூத்துக்கணக்குல ஆளுக்கு கடிதம் போயிருக்கும், கடிதத்துலயே குறிச்ச நாளுக்கு வராட்டி விருப்பமில்லைன்னு எடுத்துக்குவோம்ங்கிற அர்த்தத்துல ஒரு வரி பெரும்பாலும் இருக்கும். அந்த வரி இருந்தா அதை அசைக்கிறது ரொம்பக் கஷ்டம். கம்பெனி இன்டர்வியூல பெரும்பாலும் ரெண்டு பேர், மூணு பேர் தான் இருப்பாங்க, அவங்க எல்லாம் ஒரே கட்டடத்துல வேலை செய்யிறவங்க, கலண்டர்ல ஒரு அரை மணித்தியாலம் தேடினா கெடைக்கும். அதனால சாதாரணமா கம்பெனியோடதைத் தான் அசைக்கணும், நமக்கு கம்பெனி வேலையே கூடப் புடிச்சிருந்தாலும் கூட.

கம்பெனிக்குள்ளயும் எல்லா ரவுண்டும் ஒண்ணு இல்ல. மொத ரவுண்டுன்னா எச்ஆர் ஆளோ டிபார்ட்மெண்ட் மெனேஜரோ தனியா பேசுவாங்க, மாத்துறது லேசு. கடைசி ரவுண்டுன்னா டைரக்டர் ஒருத்தர் வருவார், அவரோட நேரத்தை எடுக்கிறதுக்கே எச்ஆர் பிள்ளை ரெண்டு கிழமை அலைஞ்சிருப்பா, அங்க போயி "வேற நாள் இருக்கா"ன்னு கேட்டா அந்தப் பிள்ளைக்குத் தான் தலையிடி. இன்னொரு வகை இருக்கு, ஒரே நாள்ல இருபது முப்பது பேரைக் கூப்பிட்டு எழுத்துப் பரீட்சையும் வெச்சு அன்னைக்கே தெரிவு செய்யிறது, பேங்குகள்ல, பெரிய கம்பெனி ட்ரெய்னி ஆட்சேர்ப்புல இது சகஜம். அதுல தனி ஒருத்தருக்காக திகதி மாறாது, இன்னொரு பேட்ச் இருந்தா அதுல போட முடியுமான்னு மட்டும் தான் கேக்கலாம், அப்பிடிக் கேட்டா பல நேரம் கெடைக்கவும் செய்யும். அதனால நமக்கு வந்திருக்கிறது எந்த மாதிரின்னு தெரியாட்டி அந்தக் கோல்லயே மரியாதையா கேட்டுக்கலாம், "இது மொத ரவுண்டா மிஸ், யார் யார் இருப்பாங்க"ன்னு, அதை யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க, தயாராகி வர்ற ஆள் கேக்குற கேள்வி அது.

தங்கச்சியோட கேஸ்ல கம்பெனிப் பக்கம் மொத ரவுண்டு, மெனேஜரும் எச்ஆரும் மட்டும். கடிதத்துல அந்த வரி இருந்துச்சு. அப்ப முடிவு தெளிவு, பல்லேகலைக்குப் போறது, கொள்ளுப்பிட்டியை மாத்தக் கேக்குறது. ஆனா அவ மொதல்ல சொன்னது வேற, "அண்ணே, ரெண்டுக்கும் போயிரலாம் தானே, கம்பெனிக்கு பின்னேரம் வாறேன்னு சொல்றேன்". நாள் மாறாம நேரம் மட்டும் மாறுறது கேக்க சின்ன உதவி மாதிரி தான் தெரியும், கம்பெனியும் டக்குனு சரின்னு சொல்லிரும். அதனால தான் இது ஆபத்து.

கணக்கைப் போட்டுப் பாருங்க. 8.30ன்னு கடிதத்துல இருந்தாலும் அந்த நேரத்துக்கு எல்லாருக்கும் தான் வரச் சொல்லியிருப்பாங்க, நம்பர் வெச்சுத் தான் உள்ள கூப்பிடுவாங்க, மொதல்ல சர்டிபிகேட் ஒரிஜினலும் போட்டோ கொப்பியும் பார்ப்பாங்க, அப்புறம் தான் போர்ட். பத்து மணிக்கும் முடியலாம், மூணு மணிக்கும் முடியலாம், முன்கூட்டி சொல்ல ஆளே இல்ல. சரி நல்லபடியா 12 மணிக்கு முடிஞ்சதுன்னு வெச்சுக்குவோம். திகனப் பக்கத்துல இருந்து வர்ற பஸ்ல கண்டி டவுனுக்கு வந்து சேர ட்ராபிக்கோட முக்கால் மணித்தியாலம், கண்டியில இருந்து கொழும்புக்கு பஸ் மூணு, மூணரை மணித்தியாலம், கோட்டையில எறங்கி கொள்ளுப்பிட்டி போக இன்னொரு அரை மணித்தியாலம். அஞ்சு மணி ஆச்சு. ஒப்பீஸ் பூட்டுற நேரம், வேர்த்து விறுவிறுத்து காலையில கட்டின சேலையோட போயி உக்காரணும். அதுவும் 12க்கு முடிஞ்சா. முடியாட்டி போர்ட் முன்னாடி உக்காந்துக்கிட்டு மடியில கையை வெச்சு மணியைப் பார்த்துக்கிட்டு இருக்கணும், அங்கயும் கெட்டுப் போகும். இதுல இன்னொரு கெடுதி என்னன்னா, ஒருக்கா மாத்தி வாங்கின நேரத்துக்கும் போகலைன்னா ரெண்டாவது தடவை கேக்குறதுக்கு வாயே வராது, கேட்டாலும் குடுக்க மாட்டாங்க. ரெண்டு இடமும் ஒரே டவுனுக்குள்ள இருந்து, மொத இன்டர்வியூ நேரம் குறிச்ச தனியார் இன்டர்வியூவா இருந்தா மட்டும் இந்த வழியை நினைச்சுப் பார்க்கலாம். ஹட்டன் டவுன்ல காலையில ஒண்ணு, பின்னேரம் ஒண்ணுன்னா ஒரு பிரச்சினையும் இல்ல.

அடுத்தது சூம்ல வைக்கச் சொல்லிக் கேக்குறது. கொரோனாவுக்குப் பொறகு இது ரொம்பப் பேருக்குப் பழகிப் போச்சு, மலைநாட்டுப் பிள்ளைகளுக்கு பஸ் காசு, தங்குற செலவு எல்லாம் மிச்சம், நியாயமான கோரிக்கை தான். ஆனா திகதி முட்டுற பிரச்சினைக்கு இது மருந்து இல்ல, ஏன்னா அதே நாள்ல அவ பல்லேகலையில லைன்ல நிப்பா, அங்கருந்து போனைத் தூக்கிப் பிடிச்சு இன்டர்வியூ குடுக்க முடியுமா. வேற நாளைக்கு சூம்ல வெக்கச் சொன்னா ரெண்டு உதவியை ஒரே மூச்சுல கேட்ட மாதிரி ஆயிரும், திகதியையும் மாத்து, முறையையும் மாத்துன்னு. எச்ஆர்ல இருக்கிற பிள்ளை அதை மெனேஜர் கிட்ட கொண்டு போயி சொல்லும்போது "இந்த கேண்டிடேட்டுக்கு வர இஷ்டமில்ல போல"ன்னு தான் காதுல விழும். அதுக்கு மேல நம்ம பக்கத்து சிக்னல் வேற, ஒரு சிம் புடிக்கிற லயத்துல இன்னொரு சிம் புடிக்காது, மழைன்னா கரண்ட் போகும், பக்கத்து வீட்டு டீவி சத்தம் காம்பரா சுவரைத் தாண்டி வரும். அவங்களா "ஒன்லைன்ல வெச்சுக்கலாமா"ன்னு கேட்டா சந்தோசமா ஒத்துக்கிட்டு ஹட்டன்ல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருங்க. நாமளா கேக்குறதா இருந்தா திகதி மட்டும்.

அப்ப மிச்சம் இருக்கிறது திகதியை மாத்திக் கேக்குறது தான். இதுலயும் ரெண்டு விதம் இருக்கு, அத யாரும் கவனிக்கிறதில்ல. பின்னாடி வாறேன்னு கேக்குறது ஒண்ணு, முன்னாடி வாறேன்னு கேக்குறது இன்னொண்ணு. எல்லாரோட கையும் தானா பின்னாடி நாளுக்குத் தான் போகும், "அடுத்த கிழமை ஏதாவது ஒரு நாள்"னு. லிஸ்ட் போடுற ஆளோட பக்கத்துல இருந்து பாருங்க. செவ்வாய், புதன்ல அஞ்சாறு பேரைப் பார்த்துட்டு வியாழக்கிழமை மெனேஜர் "இவங்க ரெண்டு பேரை எடுக்கலாம்"னு சொல்லிட்டார்னா அடுத்த கிழமை வர்ற ஆளுக்கு இன்டர்வியூ நடக்கும், ஆனா அது சும்மா பேருக்கு நடக்கும், மனசுக்குள்ள முடிவு ஏற்கனவே ஆகியிருக்கும். அதே ஆள் திங்கக்கிழமையே வாறேன்னு சொன்னா யாரோட முடிவும் தள்ளிப் போகல, லிஸ்ட்டுக்கு வெளிய நின்னு யாரும் இவளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கல, வேலையில அக்கறை இருக்குன்னும் தெரியுது. அதனால நான் சொன்னது இது தான்: மொதல்ல திங்கக்கிழமையைக் கேளு, அது முடியாட்டி புதன் அல்லது வியாழன். அதே கிழமைக்குள்ள. அதைத் தாண்டாத.

இதுல எக்கவுண்ட்ஸ் வேலைக்குன்னு ஒரு தனி விசயம் இருக்கு. மாசக் கடைசி ரெண்டு நாளும் அடுத்த மாசத்து மொத நாலஞ்சு நாளும் கணக்கு முடிக்கிற நேரம், பைனான்ஸ் மெனேஜர் தலையைத் தூக்க மாட்டார், அந்த நாள்ல எனக்கு நேரம் குடுங்கன்னு கேட்டா இந்த வேலை எப்பிடி நடக்கும்னு தெரியாத ஆள்னு தோணும். எந்தத் துறைன்னாலும் கேக்க முன்னாடி அந்த நாள்ல அவங்களுக்கு என்ன பிஸின்னு ஒரு நிமிசம் யோசிக்கணும், ஸ்கூலுன்னா பரீட்சைக் காலம், ஹோட்டலுன்னா நுவரெலியாவுல ஏப்ரல் சீசன். போயா நாளைக் கேக்குறதும் நடக்குது, கலண்டர் பார்க்காம. மாசா மாசம் வர்ற லீவு அது, அதைப் போயி எழுதிட்டு வெக்கப்பட வேண்டாம்.

காரணத்தை எவ்வளவு சொல்றதுங்கிறதுல தான் எனக்கும் தங்கச்சிக்கும் வாக்குவாதம் வந்துச்சு. அவ உள்ளதை உள்ளபடி சொல்லணும்னு நின்னா, டீச்சர் இன்டர்வியூ இருக்குன்னு. அவளோட அம்மா அதுக்கு எதிர்ப்பக்கம், "காய்ச்சல்னு சொல்லிரு, யார் கேக்கப் போறா"ன்னு. ரெண்டும் வேண்டாம்னேன். பொய் சொல்றதுல பாவ புண்ணியத்தை விடுங்க, வேலை ரீதியா பார்த்தாலும் அது லாபமில்ல, போன உடனே "இப்ப எப்பிடி இருக்கு"ன்னு தான் மொத கேள்வியே வரும், அதுக்குப் பதில் சொல்ல இன்னொரு பொய், உள்ள போகும்போதே தடுமாற்றம். சொந்தக்காரங்க செத்துப் போனதா சொல்ற ஆளுங்களும் இருக்காங்க, அத நான் எத்தனையோ தரம் போன்ல கேட்டிருக்கேன், உண்மையில வீட்டுல சாவு நடந்த பிள்ளையைக் கூட சந்தேகமா பார்க்க வெச்சது அந்தப் பொய்கள் தான்.

உள்ளதைச் சொல்றதுல இருக்கிற பிரச்சினை வேற மாதிரி. இந்த நாட்டுல தனியார் கம்பெனிகளுக்கு ஒரு நிரந்தரப் பயம் இருக்கு, பட்டதாரியை எடுத்து ஆறு மாசம் பழக்குவோம், அரசாங்க நியமனம் வந்த அன்னைக்கு கும்பிட்டுட்டுப் போயிருவான்னு. அந்தப் பயத்துல நியாயமும் இருக்கு, நம்ம பக்கத்துல எத்தனை பேர் அப்பிடிப் போயிருக்கோம். அதனால மாகாண ஆசிரியர் இன்டர்வியூன்னு வாயைத் திறந்து சொன்னா திகதி கெடைக்கும், ஆனா பேருக்குப் பக்கத்துல பென்சில்ல ஒரு குறிப்பும் விழும். அதுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு, "அன்னைக்கு எனக்கு ஏற்கனவே திகதி குறிச்ச ஒரு விசயம் இருக்கு, அதை என்னால மாத்த முடியாது". இது உண்மை, ஒரு சொல்லும் பொய்யில்ல, நூத்துக்குத் தொண்ணூறு பேர் அதுக்கு மேல கேக்க மாட்டாங்க, ஏன்னா அவங்களுக்கும் ஏழு கோல் எடுக்க இருக்கு. கேட்டா மறைக்கக் கூடாது, "இன்னொரு இன்டர்வியூ மிஸ்"னு சொல்லிரலாம், அதை விட நீட்டாம. பரீட்சைன்னா அப்பிடியே சொல்லலாம், அட்மிசன் கார்டை போட்டோ எடுத்து இணைச்சும் விடலாம், அதை விட வலுவான காரணம் கெடையாது. இப்ப ஒரு இடத்துல வேலை செஞ்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு லீவு கெடைக்காததும் நல்ல காரணம் தான், இருக்கிற எடத்தை நட்டாத்துல விட்டுட்டு வர்ற ஆள் இல்லைன்னு அதுலயே தெரியும்.

இனி எந்த வழியா கேக்குறது, போனா, ஈமெயிலா, வாட்ஸ்அப்பா. ஈமெயில் மட்டும் போட்டா வெள்ளிக்கிழமை அனுப்பினது திங்கக்கிழமை பின்னேரம் தான் கண்ணுல படும், நாள் போயிரும். போன் மட்டும் எடுத்தா அந்தப் பிள்ளை "சரி சொல்றேன்"னுட்டு மறந்துருவா, மெனேஜர் கலண்டர்ல பழைய நேரம் அப்பிடியே கெடக்கும், செவ்வாக்கிழமை நம்ம பேருக்கு நேரா "வரலை"ன்னு விழும். வாட்ஸ்அப்னா அவங்க மொதல்ல அதுல பேசியிருந்தா மட்டும், அதுலயும் வொய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம், ஒப்பீஸ்ல உக்காந்து யாரும் அதைப் போட்டுக் கேக்க மாட்டாங்க. அதனால மொதல்ல போன், போனை வெச்ச உடனே அதே சூட்டோட ஈமெயில். ஈமெயிலை புதுசா எழுதாம அவங்க அனுப்பின ஈமெயிலுக்கே ரிப்ளை போடணும், அப்ப பழைய திகதி, வேலைப் பேர், ரெபரன்ஸ் நம்பர் எல்லாம் கீழயே இருக்கும், தேட வேண்டியதில்ல. போன்ல காசு இருக்கான்னு பார்த்துட்டு எடுங்க, பாதியில ரிலோட் முடிஞ்சு கட்டாகி "மறுபடி எடுங்க மிஸ்"னு மெசேஜ் போடுறது நல்லாருக்காது.

நேரமும் முக்கியம். காலையில ஒப்பீஸ் தொறந்த உடனே வேண்டாம், ஒரு பத்தில இருந்து பதினொண்ணரைக்குள்ள நல்ல நேரம், இல்லாட்டி சாப்பாட்டுக்குப் பொறகு ரெண்டரை மூணு மணி. தங்கச்சிக்கு வியாழக்கிழமை பின்னேரம் தான் கடிதம் வந்துச்சு, அப்ப அவளுக்கு மிச்சம் இருந்த வேலை நாள் வெள்ளி ஒண்ணு தான், திங்கள் வரைக்கும் இழுத்தா அதுக்குப் பேர் கோரிக்கை இல்ல, கடைசி நேர அறிவிப்பு. எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ அந்த நேரத்துக்கு வேற ஒரு ஆளைப் போட அவங்களுக்கு இடம் கெடைக்கும், உண்மையில எச்ஆர் ஆளுங்களுக்கு எரிச்சல் வர்றது திகதி மாறுறதுல இல்ல, பத்து மணி ஸ்லொட் காலியா கெடந்து மெனேஜர் வந்து "எங்க ஆள்"னு கேக்குறதுல தான்.

போன் எடுக்க முன்னாடி ஒரு கேள்விக்குப் பதில் வெச்சிருக்கணும்னு அவ கிட்ட ரெண்டு மூணு தரம் சொன்னேன்: அவங்க முடியாதுன்னு சொல்லிட்டா என்ன செய்வே? இதுக்குப் பதில் இல்லாம பேசினா அந்தப் பக்கம் "செவ்வாய் மட்டும் தான் இருக்கு"ன்னு சொன்ன உடனே தடுமாறி "அப்ப சரி மிஸ், செவ்வாக்கிழமையே வாறேன்"னு வாய் தவறி விழுந்துரும், அப்புறம் வீட்டுக்கு வந்து அழ வேண்டியது தான். அவ ராத்திரி முழுக்க யோசிச்சு, முடியாதுன்னா பல்லேகலைக்கே போறது, கம்பெனி கிட்ட பின்னால ஆள் தேவைப்பட்டா கூப்பிடச் சொல்லி விடுறதுன்னு முடிவு பண்ணிக்கிட்டா. வேற ஒருத்தருக்கு முடிவு மாறலாம், கம்பெனி வேலை கைக்கு எட்டுற தூரத்துல இருக்கு, அரசாங்க லிஸ்ட்ல ஆயிரம் பேர் இருக்காங்கன்னா கம்பெனிக்கே போறதும் ஒரு நியாயம் தான். எதுன்னாலும் போனுக்கு முன்னாடி.

வெள்ளிக்கிழமை பத்தே காலுக்கு எடுத்தா. பேசினது கிட்டத்தட்ட இப்பிடி:

"குட் மோர்னிங் மிஸ், செவ்வாக்கிழமை பத்து மணிக்கு எக்கவுண்ட்ஸ் இன்டர்வியூவுக்கு கூப்பிட்டிருந்தீங்க, நான் தான் பேசுறேன். ரெண்டு நிமிசம் பேச ஏலுமா?"

"ஓம், சொல்லுங்க."

"கூப்பிட்டதுக்கு ரொம்ப நன்றி மிஸ், எனக்கு கட்டாயம் வரணும்னு இருக்கு. அன்னைக்கு எனக்கு ஏற்கனவே திகதி குறிச்ச ஒரு விசயம் இருக்குறது நேத்து பின்னேரம் தான் தெரிய வந்துச்சு, அதை மாத்த என்னால முடியாது. திங்கக்கிழமை எந்த நேரம்னாலும் நான் வரலாம், இல்லாட்டி புதன், வியாழன். உங்களுக்கு எது வசதி?"

"திங்கக்கிழமை மெனேஜர் இருக்காரான்னு பார்க்கணும்."

"சரி மிஸ், பாருங்க. இப்பவே ஈமெயில்லயும் எழுதி விடுறேன், உங்களுக்கு பார்வேர்ட் பண்ண லேசா இருக்கும்."

அவ்வளவு தான். பேச்சு முழுக்க ஒண்ணரை நிமிசம் இருக்கும். சிங்களம் பேசுற ஆள்னா சிங்களத்துல, இங்கிலிசுல கூப்பிட்டிருந்தா இங்கிலிசுல, ஆனா சொல்ற ஒழுங்கு இதே தான்: யாரு, நன்றி, முடியாத நாள், முடியிற நாள், உங்க வசதி. மன்னிப்பு ஒரு தடவைக்கு மேல கேக்க வேண்டாம், நம்ம ஊர்ப் பிள்ளைகள் பயத்துல "சொரி மிஸ், சொரி மிஸ்"னு பத்து தடவை சொல்லி சின்ன விசயத்தைப் பெரிய குத்தமாக்கிருவாங்க.

ஈமெயில் இப்பிடி எழுதினா போதும், அவங்க எந்த மொழியில அனுப்பியிருக்காங்களோ அந்த மொழியில:

"வணக்கம். சற்று முன் தொலைபேசியில் பேசியதை எழுத்திலும் தருகிறேன். வரும் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு கணக்குப் பிரிவு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தமைக்கு நன்றி. அன்று எனக்கு முன்னரே திகதி குறிக்கப்பட்ட, மாற்ற முடியாத ஒரு கடமை இருப்பதால் சமுகமளிக்க இயலாதுள்ளது. திங்கட்கிழமை எந்த நேரத்திலும், அல்லது புதன், வியாழன் காலை 10 மணிக்குப் பின்னரும் என்னால் வர முடியும். தங்களுக்கு வசதியான நேரத்தை அறியத் தந்தால் உறுதிப்படுத்துகிறேன். சிரமத்துக்கு வருந்துகிறேன்."

கீழ முழுப் பேரும் போன் நம்பரும். புதன், வியாழனுக்கு பத்து மணிக்குப் பின்னாடின்னு போட்டதுக்குக் காரணம் இருக்கு. பொகவந்தலாவையில இருந்து ஹட்டனுக்கே பஸ்ல ஒரு மணித்தியாலத்துக்கு மேல, ஹட்டன்ல இருந்து கினிகத்தேனை, கித்துல்கலை, அவிசாவளை வழியா கொழும்புக்கு நாலரை அஞ்சு மணித்தியாலம், மழை விழுந்து மண் சரிஞ்சா அதுவும் நிச்சயமில்ல. முதல் நாளே வந்து வத்தளையில சொந்தக்காரங்க வீட்டுல தங்கினாலும் செவ்வாய் பின்னேரம் தான் கண்டியில இருந்து கிளம்பணும், புதன் காலை எட்டரைக்கு வாறேன்னு வீரம் பேசிட்டு லேட்டாப் போறதுக்கு பத்து மணின்னு கேக்குறது மேல். மாத்தி வாங்கின நேரத்துக்கு லேட்டாப் போறவங்களை நான் லிஸ்ட் போட்ட காலத்துல ஒருத்தரைக் கூட எடுத்தது ஞாபகம் இல்ல.

வெள்ளிக்கிழமை மூணு மணி வரைக்கும் பதில் இல்ல. தங்கச்சி அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா எனக்கு மெசேஜ். இங்க ஒரு விதி வெச்சுக்கணும், புது திகதி எழுத்துல வர்ற வரைக்கும் பழைய திகதி தான் உயிரோட இருக்கு. போன்ல "ஓகே"ன்னு சொன்னாலும் சரி. அதனால பதில் வரலைன்னா விட்டுரக் கூடாது, ஆனா துரத்தவும் கூடாது, அன்னைக்கு ஒப்பீஸ் முடியிறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஒரே ஒரு கோல். அவ நாலு மணிக்கு எடுத்தா, மெனேஜருக்கு திங்கள் முடியாது, புதன் பதினொரு மணின்னு சொன்னாங்க, அஞ்சு மணிக்குள்ள ஈமெயிலும் வந்துச்சு. அதுக்கு ரெண்டு வரியில "புதன் காலை 11 மணிக்கு வருகிறேன், நன்றி"ன்னு பதில் போட்டா. செவ்வாக்கிழமை பின்னேரம் பஸ்ல வரும்போது இன்னொரு குட்டி மெசேஜ், நாளைக்கு வாறேன்னு. அதுக்கு மேல எதுவும் தேவையில்ல.

வாய்ப்பு கெட்டுப் போச்சான்னு எப்பிடித் தெரியும்னு கேப்பீங்க. திகதியோ நேரமோ குறிச்சு பதில் வந்தா ஒண்ணும் கெடல, அவங்க கலண்டர்ல இடம் ஒதுக்கிட்டாங்க. "பார்த்துட்டு அறிவிப்போம்"னு மட்டும் வந்து ரெண்டு வேலை நாள் சத்தமே இல்லைன்னா லிஸ்ட் நிறைஞ்சிருச்சுன்னு அர்த்தம், அப்ப ஒரு தடவை கேட்டுட்டு விட்டுரணும். உள்ள போன பிறகு மறுபடி திகதி மாத்தின கதையை நாமளா இழுக்கக் கூடாது, "நாளை மாத்திக் குடுத்ததுக்கு நன்றி"ன்னு ஒரு வரி, அதோட வேலையைப் பத்திப் பேச்சு. தங்கச்சி கிட்ட மெனேஜர் கேட்டது வேற, "கொழும்புல தங்க இடம் இருக்கா"ன்னு தான் மொத கேள்வி. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தக் கேள்வி கட்டாயம் வரும், அதுக்குப் பதிலை ஏற்கனவே வெச்சிருங்க.

ரெண்டும் அரசாங்கமாவே முட்டிக்கிட்டா இந்த வழி எதுவும் அப்பிடியே பொருந்தாது. அப்ப கடிதத்துல கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு கடித இலக்கத்தைக் குறிச்சு, மத்த அழைப்புக் கடிதத்தோட கொப்பியையும் வெச்சு, பதிவுத் தபால்ல அனுப்பணும், இங்க காரணத்தை மறைக்கத் தேவையே இல்ல, அதுவும் அரசாங்கக் கடிதம் தானே. தபால் போய்ச் சேர்ற நாள் பத்தாதுன்னா போன் எடுத்து அந்த வேலையைப் பார்க்குற சப்ஜெக்ட் கிளார்க் யாருன்னு கேட்டு அவரோட பேசுறது தான் ஒரே வழி, முடிஞ்சா நேர்லயே போயிரணும். திகதியை மாத்துறது அவர் கையில இல்லாட்டியும், அன்னைக்கு வரிசையில முதல் நம்பருக்குள்ள போட்டு சீக்கிரம் அனுப்பிவிடுறது சில இடத்துல நடக்கும், ரெண்டும் கண்டிக்குள்ளயே இருந்தா அதுவே போதும். ஒரிஜினல் சர்டிபிகேட் ஒரு செட் தான் இருக்குங்கிறதையும் மறந்துறாதீங்க, பிறப்புச் சான்றிதழ், ஓ லெவல், ஏ லெவல், டிகிரி, கிராம சேவகர் சான்றிதழ் எல்லாம் ஒரு இடத்துல பார்க்கக் குடுத்து திரும்பி வாங்குற வரைக்கும் அடுத்த இடத்துக்கு நகர முடியாது.